ரேடியாலஜி டெக்னீஷியன் ரெஸ்யூமே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியாலஜி பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது வரும் ரெஸ்யூமேக்களைப் படிப்பதும், வேலை தேடும் ஜூனியர்களுக்கு ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுப்பதும் பல வருடங்களாக என் வேலையோடு சேர்ந்தே வருகிறது. கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் நான்கு இடங்களைச் சுற்றித்தான் இருக்கும்: எந்தெந்த ஸ்கேன் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, மெஷின் பராமரிப்பு. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு வரி எழுதினால், அந்த வரியைப் பற்றி ஒரு சீஃப் டெக்னாலஜிஸ்ட் பத்து நிமிடம் துருவித் துருவிக் கேட்டாலும் நீங்கள் தடுமாறாமல் பேச வேண்டும். மாதிரி வரிகளைத் தமிழில் தருகிறேன். விண்ணப்பிக்கும் இடம் எந்த மொழியில் கேட்கிறதோ அதில் எழுதிக்கொள்ளுங்கள்.

மேடம், மாடாலிட்டின்னு போட்டு எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ.ன்னு வரிசையா எழுதினா போதுமா?

போதாது. அந்த மூன்று சொற்களை எல்லோரும் எழுதுகிறார்கள். அதனால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியவருவதில்லை. எக்ஸ்ரே என்றால் சி.ஆரா, டி.ஆரா? வார்டுக்கு போர்ட்டபிள் எடுத்துப் போவீர்களா? தியேட்டரில் சி-ஆர்ம் ஓட்டுவீர்களா? சி.டி. என்றால் பிளெயின் மட்டுமா, பிரஷர் இன்ஜெக்டர் வைத்து ஆஞ்சியோ வரை போவீர்களா? ஆள் எடுப்பவர் தன் ரோஸ்டரில் எந்த ஷிப்டில் உங்களைத் தனியாக விடலாம் என்று பார்த்துக்கொண்டே படிப்பார். அவருக்கு வேண்டியது இந்த விவரம்.

ஒவ்வொரு மாடாலிட்டிக்கும் ஒரு வரி கொடுங்கள். அதில் எந்த வகை மெஷின், எந்தெந்தப் பரிசோதனைகள், எவ்வளவு காலம் என்ற மூன்றும் இருக்கட்டும். "சி.டி.: 16 ஸ்லைஸ், 2 வருடம், தலை, மார்பு, வயிறு, தண்டுவடம், கான்ட்ராஸ்ட் ஸ்டடிகள்" என்று எழுதினால் அதில் அடுத்த கேள்விக்கு இடம் இருக்கிறது. "சி.டி. அனுபவம்" என்றால் இல்லை.

எம்.ஆர்.ஐ. ரூம்ல ஆறு மாசம் சீனியர் கூட நின்னேன். நானா தனியா ஸ்கேன் பண்ணல. அதைப் போடலாமா கூடாதா?

தாராளமாகப் போடலாம். ஆனால் எந்த நிலையில் செய்தீர்கள் என்பதும் கூடவே வர வேண்டும். தனியாகச் செய்தது, மேற்பார்வையில் செய்தது, கூட இருந்து பார்த்தது என்று மூன்று நிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடாலிட்டிக்குப் பக்கத்திலும் அதைக் குறித்துவிடுங்கள். உங்கள் விஷயத்தில் "எம்.ஆர்.ஐ.: 1.5 டெஸ்லா, 6 மாதம், மேற்பார்வையில், நோயாளி ஸ்கிரீனிங், காயில் பொருத்துதல், மூளை மற்றும் முதுகெலும்பு ரொட்டீன் ஸ்டடிகள்" என்று எழுதலாம்.

இப்படி எழுதினால் மதிப்பு குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. தனியாகச் செய்ததாக எழுதியவரிடம், நோயாளிக்கு பேஸ்மேக்கர் இருப்பது மேஜையில் படுத்த பிறகு தெரிய வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அங்கே தடுமாறினால் எம்.ஆர்.ஐ. வரியோடு சேர்ந்து சி.டி. வரியையும் நம்ப மாட்டார்கள். மேற்பார்வையில் என்று எழுதியவருக்கோ, "இங்கே சேர்ந்தால் எத்தனை வாரத்தில் தனியாக விடலாம்?" என்ற கேள்விதான் வரும்.

மெஷின் கம்பெனி பேர், மாடல் எல்லாம் எழுதணுமா?

எழுதுங்கள். ஒரே கம்பெனி கன்சோலில் பழகியவருக்கு அதே கம்பெனியின் அடுத்த மாடல் சீக்கிரம் பிடிபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாடல் பெயரை ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம், கேன்ட்ரியிலோ கன்சோலிலோ இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். இல்லாத ஒரு மாடலை எழுதி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன்னு போடறதுக்கு எதை எண்ணணும்? நோயாளியா, படமா?

பரிசோதனையை எண்ணுங்கள். ஒருவர் வருகிறார், மார்பு எக்ஸ்ரே ஒன்று, இரண்டு முழங்காலுக்கும் முன்புறம், பக்கவாட்டு என்று எடுக்கிறீர்கள். நோயாளி 1. படம் 5. பரிசோதனை என்று பார்த்தால், முழங்கால்களைச் சேர்த்துப் பதிந்தால் 2, தனித்தனியாகப் பதிந்தால் 3. ஒரே வேலைக்கு நான்கு எண்கள் இருப்பதால், எதை எண்ணினீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். சி.டி.யில் பிளெயின், ஆர்ட்டீரியல், வீனஸ் என்று மூன்று ஃபேஸ் எடுத்தாலும் அது ஒரு பரிசோதனைதான். படங்களைச் சேமிக்கும் பாக்ஸ் சாப்ட்வேரில் தெரியும் சீரிஸ்களை எண்ணிப் போட்டால் எண் பெரிதாகும், ஆனால் விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எண்ணை ஊகிக்கவும் வேண்டாம். பிரிவின் பதிவேட்டிலோ ரிஸ் சாப்ட்வேரிலோ உங்கள் பெயரில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று கடைசி மூன்று மாதத்துக்குப் பாருங்கள். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் மூன்று மாதத்தில் 78 ஷிப்ட் வேலை பார்த்திருக்கிறார், பாதி எக்ஸ்ரேயில், பாதி சி.டி.யில். அவர் பெயரில் எக்ஸ்ரே பரிசோதனை 1,638, சி.டி. 546. இரண்டையும் 78-ஆல் வகுத்து "தினமும் 21 எக்ஸ்ரே, 7 சி.டி." என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு நாள் அவருடைய வேலையில் இருந்ததே கிடையாது. எக்ஸ்ரேயில் இருந்த 39 ஷிப்டால் 1,638-ஐ வகுத்தால் 42 வருகிறது. சி.டி.யில் இருந்த 39 ஷிப்டால் 546-ஐ வகுத்தால் 14. மொத்த வேலை மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு மாடாலிட்டியிலும் ஷிப்டுக்கான உண்மையான எண், அவரே எழுதியதைப் போல இரண்டு மடங்கு.

அப்புறம், அந்த 14-இல் எத்தனை கான்ட்ராஸ்ட் என்று பார்க்கச் சொன்னேன். 546-இல் 195, அதாவது ஷிப்டுக்கு 5. கேனுலா போட்டு, கிரியேட்டினின் பார்த்து, இன்ஜெக்டர் ஏற்றி, முடிந்த பிறகு நோயாளியைக் கவனித்து அனுப்புவது பிளெயின் ஸ்கேனைவிட நிறைய நேரம் எடுக்கும் வேலை. "8 மணி நேர ஷிப்டில் சராசரி 14 சி.டி. பரிசோதனைகள், அதில் 5 கான்ட்ராஸ்ட்" என்ற வரி, வெறும் 14-ஐவிட எவ்வளவோ சொல்லிவிடுகிறது.

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு நாளைக்கு 150 எக்ஸ்ரே ஆகுது. அதையே போட்டுக்கலாம்ல?

பிரிவின் எண் என்று சொல்லிப் போடலாம், உங்கள் எண் என்று போடக்கூடாது. "ஒரு நாளைக்குச் சுமார் 150 எக்ஸ்ரே நடக்கும் பிரிவில், என் ஷிப்டில் சராசரி 42" என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதுவது நல்ல வழி. எவ்வளவு பரபரப்பான இடத்திலிருந்து வருகிறீர்கள் என்பதும், அதில் உங்கள் பங்கு என்ன என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

எண்ணைப் படிப்பவர் மனதுக்குள் வகுத்துப் பார்ப்பார் என்பதை மறக்காதீர்கள். 8 மணி நேரம் என்றால் 480 நிமிடம். 14 சி.டி. என்றால் ஒன்றுக்கு 34 நிமிடம், பாதிக்கு மேல் பிளெயின் என்பதால் நியாயமான வேகம். ஒரே மெஷினில் தனி ஆளாக 60 சி.டி. என்றால் ஒன்றுக்கு 8 நிமிடம். அதற்குள் நோயாளியை மேஜையில் ஏற்றி இறக்கவே நேரம் சரியாகிவிடும்.

என் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. சின்ன இடம், ஷிப்டுக்கு 12 எக்ஸ்ரேதான். எழுதாம விட்டுடலாமா?

எழுதுங்கள், ஆனால் என்ன வகை என்பதையும் சேர்த்து. 12-இல் 5 ஐ.சி.யூ. போர்ட்டபிள் என்றால் அது லேசான ஷிப்ட் இல்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் கீழே, ஒரு டியூபும் இழுபடாமல் டிடெக்டரை வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். இரவு ஷிப்டில் தனி ஆளாக இருந்தீர்களா, டிராமா கேஸ் வந்ததா, குழந்தைகள் அதிகமா என்பதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் வரலாம்.

ரேடியேஷன் சேஃப்டிக்கு "அலாரா கொள்கையைப் பின்பற்றுவேன்"னு எழுதியிருக்கேன். சரிதானே?

தவறில்லை, ஆனால் பயனும் இல்லை. நேரம், தூரம், மறைப்பு என்ற மூன்றும் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். கொள்கையை எடுத்துவிட்டு, நீங்கள் கையால் செய்வதை எழுதுங்கள். எந்தச் சூழலில் என்ன செய்வீர்கள் என்று எழுதினால், இவர் உண்மையாகவே செய்கிறார் என்பது தெரிந்துவிடும்.

போர்ட்டபிள் எடுப்பதையே பாருங்கள். "வார்டில் எக்ஸ்போஷருக்கு முன் சத்தமாகச் சொல்லி மற்றவர்களை விலக்குவேன், ஏப்ரன் அணிந்து, ஸ்விட்ச் ஒயரை முழுதாக இழுத்து 2 மீட்டர் தள்ளி நிற்பேன்." இந்த வரியை வைத்து ஏன் 2 மீட்டர் என்று கேட்டால், தூரம் இரண்டு மடங்கானால் டோஸ் நான்கில் ஒரு பங்காகும் என்று சொல்லலாம். சி-ஆர்மில் "டியூப் மேஜைக்குக் கீழே இருக்கும்படி வைப்பேன், பல்ஸ்டு ஃப்ளூரோவில் ஓட்டுவேன், கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திவைத்து மீண்டும் பெடலை அழுத்துவதைத் தவிர்ப்பேன்" என்று எழுதலாம். குழந்தையைப் பிடிக்க வேண்டியிருந்தால் யார் பிடிப்பார்கள்? ஏப்ரன் போட்ட பெற்றோர் பிடிக்கலாம். தினமும் அந்த அறையில் இருக்கும் ஊழியர் பிடிக்கக்கூடாது. கர்ப்பமாக இருக்கும் வாய்ப்புள்ள வயதுப் பெண்களிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டுப் படிவத்தில் பதிவது, சரியான ஆளா என்று பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் சரிபார்ப்பது, வேண்டிய இடத்துக்கு மட்டும் காலிமேட் செய்வது, இவை எல்லாமே நோயாளியின் பாதுகாப்பு.

சி.டி. தெரிந்தவர்கள் டோஸ் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். கன்சோலில் ஸ்கேன் முடிந்ததும் CTDIvol, DLP என்று இரண்டு எண்கள் வரும். அவற்றைப் பதிந்து வைத்து, உங்கள் இடத்தின் குறிப்பு அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தால் அதை எழுதுங்கள். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் புரோட்டோகாலையே ஓட்டாமல் தனி புரோட்டோகால் பயன்படுத்துவதும் இதே வரியில் சேரும். ஒன்று மட்டும் கவனம்: "புரோட்டோகாலை மாற்றியமைத்தேன்" என்று எழுதும் முன், ரேடியாலஜிஸ்டின் ஒப்புதலோடு செய்ததா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால், அந்த வரி உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

டி.எல்.டி. பேட்ஜ் ரீடிங் எனக்கு எப்பவும் ஜீரோதான். "ஜீரோ டோஸ் ரெக்கார்டு"ன்னு பெருமையா போடலாமா?

வேண்டாம். கன்சோல் தடுப்புக்குப் பின்னால் நின்று எக்ஸ்ரேயும் சி.டி.யும் மட்டும் எடுப்பவருக்கு, பேட்ஜ் கண்டறியும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே ரீடிங் வருவது சாதாரணம். அது உங்கள் திறமையைவிட அந்த அறையின் சுவரைப் பற்றித்தான் சொல்கிறது. சி-ஆர்மில் வாரம் முழுதும் நிற்பவருக்கும் ஜீரோ என்றால், பேட்ஜ் லாக்கரிலேயே இருந்ததா என்றுதான் கேட்கத் தோன்றும்.

ரீடிங்கை விட்டுவிட்டுப் பழக்கத்தை எழுதுங்கள்: பேட்ஜைத் தவறாமல் அணிவது, அதை எக்ஸ்ரே அறையில் தொங்கவிடாமல் வெளியே வைப்பது, காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. எங்கே அணிகிறீர்கள், ஏப்ரனுக்கு உள்ளேயா வெளியேயா என்பது ஒவ்வொரு நாட்டு விதியைப் பொறுத்து மாறும், உங்கள் இடத்து விதி என்ன என்று தெரிந்துவைத்திருங்கள். வரம்பு எவ்வளவு என்று இன்டர்வியூவில் அடிக்கடி கேட்பார்கள். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி.யின் பரிந்துரைப்படி, ஊழியருக்கு 5 வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 50-ஐத் தாண்டக்கூடாது. கண் லென்ஸுக்கான வரம்பையும் 2011-இல் இதே அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். முன்பு அது வருடத்துக்கு 150 ஆக இருந்தது. பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இன்னும் 150 என்றே சொல்கிறார்கள்.

"எல்லா நோயாளிக்கும் கோனாட் ஷீல்டு வைப்பேன்"னு எழுதினா நல்லா இருக்குமா?

சில வருடங்களுக்கு முன்வரை நன்றாகத்தான் இருந்தது. இப்போது அந்த வரியைப் படிப்பவர், இவர் புதிதாக எதையும் படிக்கவில்லையோ என்று நினைக்கலாம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏ.ஏ.பி.எம். 2019-இல், நோயாளிகளுக்கு வழக்கமாக கோனாட் ஷீல்டு வைப்பதை நிறுத்தலாம் என்று அறிக்கை விட்டது. 2021-இல் அதே நாட்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கவுன்சிலான என்.சி.ஆர்.பி.யும் அப்படியே பரிந்துரைத்தது.

காரணம் நம் வேலையிலேயே இருக்கிறது. ஷீல்டு கொஞ்சம் நகர்ந்தால் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடும், மறுபடி எடுக்க வேண்டியதாகும். ஆட்டோ எக்ஸ்போஷரின் சென்சார் மேல் விழுந்தால், மெஷின் போதிய கதிர் வரவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றிவிடும். உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை மேலே வைத்த ஷீல்டு தடுக்கவும் தடுக்காது. ஆனாலும் சில இடங்களில் ஷீல்டு வைக்க வேண்டும் என்று விதி இன்னும் இருக்கிறது. அதனால் "காலிமேஷனைக் கவனமாகச் செய்வேன், ஷீல்டு விஷயத்தில் மருத்துவமனையின் விதிப்படி நடப்பேன்" என்று எழுதுவது எங்கேயும் பொருந்தும். ஊழியர் அணியும் ஏப்ரனுக்கு இது பொருந்தாது, அது எப்போதும்போல அணிய வேண்டியதுதான்.

எம்.ஆர்.ஐ. பாதுகாப்பையும் ரேடியேஷன் சேஃப்டி தலைப்புக்குக் கீழேயே போட்டுட்டேன். பரவாயில்லையா?

மாற்றிவிடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் அயனியாக்கும் கதிர்வீச்சு கிடையாது. அந்தத் தலைப்புக்குக் கீழே அதைப் பார்த்ததுமே, அடிப்படையே தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். "எம்.ஆர்.ஐ. பாதுகாப்பு" என்று தனித் தலைப்பு வைத்து, ஸ்கிரீனிங் படிவத்தை நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்டு நிரப்புவது, இம்பிளான்ட் இருந்தால் அதன் விவரச் சீட்டைப் பார்த்து ரேடியாலஜிஸ்டிடம் கேட்பது, இரும்பு சிலிண்டர், சாதாரண வீல்சேர் எதையும் காந்த அறைக்குள் விடாமல் பார்ப்பது ஆகியவற்றை எழுதுங்கள். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும் என்பது துப்புரவு ஊழியர் முதல் புது டாக்டர் வரை பலருக்குத் தெரியாது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு வரி கொடுக்கலாம்.

மெயின்டனன்ஸ் எல்லாம் சர்வீஸ் இன்ஜினியர்தானே பண்றாரு. நான் என்னத்தை எழுதறது?

நீங்கள் செய்வது நிறைய இருக்கிறது, அதைப் பராமரிப்பு என்று நினைக்காமல் செய்துகொண்டிருக்கிறீர்கள். காலையில் சி.டி.யை ஆன் செய்து டியூப் வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன் ஓட்டுவது யார்? நீங்கள்தான். தண்ணீர் ஃபேன்டம் வைத்து ஸ்கேன் செய்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு அளவு பார்க்கிறீர்களா? தண்ணீருக்கு 0 ஹவுன்ஸ்ஃபீல்டு வர வேண்டும், ஐந்து கூடக் குறைய இருக்கலாம் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் வரம்பு. ஒரு நாள் 7 வருகிறது என்று வையுங்கள். ஃபேன்டம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, ஏர் கேலிப்ரேஷனை மறுபடி ஓட்டி, மறுபடி அளக்கிறீர்கள். அப்போதும் 7. தேதி, நேரம், இரண்டு அளவுகளையும் லாக் புத்தகத்தில் எழுதி, பொறுப்பாளரிடம் சொல்லி, சர்வீஸுக்குப் புகார் போடுகிறீர்கள். டெக்னீஷியனின் பராமரிப்பு என்பது இதுதான். ரெஸ்யூமேயில் ஒரு வரிக்கு இது தாராளமாகப் போதும்.

எக்ஸ்ரேயிலும் அப்படியே. சி.ஆர். பிளேட்டைத் துடைப்பது, ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த பிளேட்டை உபயோகிக்கும் முன் எரேஸ் செய்வது, டி.ஆர். டிடெக்டர் கேலிப்ரேஷன் ஆகியவை வரலாம். காலிமேட்டர் வெளிச்சமும் உண்மையில் விழும் கதிரும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை: 100 சென்டிமீட்டர் தூரத்தில் வெளிச்சத்தின் ஓரங்களில் நாணயங்களை வைத்து ஒரு எக்ஸ்போஷர் கொடுங்கள், படத்தில் கதிரின் ஓரம் நாணயத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளங்கள். தூரத்தில் 2 சதவீதம், அதாவது இங்கே 2 சென்டிமீட்டர் வரை ஏற்கலாம். லெட் ஏப்ரன்களை மடிக்காமல் ஹேங்கரில் மாட்டுவதும், வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளூரோவில் போட்டு விரிசல் பார்ப்பதும்கூட இந்தத் தலைப்பில் சேரும்.

எழுதக்கூடாத சொல் ஒன்று இருக்கிறது: "பழுது பார்த்தேன்". டியூபையோ ஜெனரேட்டரையோ திறப்பது நம் வேலை இல்லை, அதற்கு அனுமதியும் இல்லை. எரர் கோடைக் குறித்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், நோயாளிகளை வேறு மெஷினுக்கு மாற்றினேன், இன்ஜினியர் வரும்போது கூட இருந்தேன், சரிசெய்த பிறகு ஃபேன்டம் வைத்துச் சரிபார்த்தேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

ரிஜெக்ட் ரேட் போடலாமா? போட்டா நம்ம தப்பை நாமளே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா?

ஆகாது. ரிஜெக்ட் ரேட் தெரிந்துவைத்திருப்பவர் என்பதே ஒரு தகுதி. கணக்கு எளிது: தள்ளிய படங்களை, தள்ளியதையும் சேர்த்து எடுத்த மொத்தப் படங்களால் வகுக்க வேண்டும். முன்னால் பார்த்தவரின் அந்த 1,638 பரிசோதனைகளில் மொத்தம் எடுத்தது 2,900 படங்கள், தள்ளியது 203. 203-ஐ 2,900-ஆல் வகுத்தால் 7 சதவீதம். இங்கே பரிசோதனையை எண்ணக்கூடாது, படத்தைத்தான் எண்ண வேண்டும்.

டிஜிட்டல் எக்ஸ்ரேக்கு 8 சதவீதத்தை இலக்காகவும், 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்றும் ஏ.ஏ.பி.எம்.-இன் 2015 அறிக்கை சொல்கிறது. 7 நல்ல எண். "1 சதவீதம்" என்று எழுதுபவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும். மோசமான படத்தையும் அப்படியே அனுப்பினால் எண் குறைந்துவிடும் அல்லவா? ஏன் தள்ளினீர்கள் என்பதைச் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. அவருடைய தள்ளுபடிகளில் பெரும்பகுதி பொசிஷனிங், அதிலும் முழங்கால் பக்கவாட்டுப் படங்கள். அதைக் கண்டுபிடித்துத் திருத்தியதை அவர் ஒரு வரியில் எழுதிக்கொண்டார்.

எல்லாத்தையும் சேர்த்து ஒரு மாதிரி காட்டுங்க அக்கா. படிச்சுப் பார்த்தாத்தான் புரியும்.

மேலே கணக்குப் போட்ட அதே ஆளின் ரெஸ்யூமேதான். பதிவேட்டைப் பார்த்து எண்களைக் கணக்கிடும் முன், அவர் முதலில் கொண்டுவந்தது இது:

"எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. அனைத்திலும் அனுபவம். தினமும் 150-க்கும் மேற்பட்ட ஸ்கேன்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுபவர். கருவிப் பராமரிப்பில் திறமை உள்ளவர்."

திருத்திய பிறகு:

"டிஜிட்டல் எக்ஸ்ரே (3 வருடம், தனியாக): பொது ரேடியோகிராபி, ஐ.சி.யூ. போர்ட்டபிள். 8 மணி நேர ஷிப்டில் சராசரி 42 பரிசோதனைகள். ரிஜெக்ட் ரேட் 7 சதவீதம்.

சி.டி., 16 ஸ்லைஸ் (2 வருடம், தனியாக): ஷிப்டில் சராசரி 14 பரிசோதனைகள், அதில் 5 கான்ட்ராஸ்ட். ஸ்கேனுக்கு முன் கிரியேட்டினின், அலர்ஜி விவரம் சரிபார்ப்பு. பிரஷர் இன்ஜெக்டர் கையாளுதல்.

எம்.ஆர்.ஐ., 1.5 டெஸ்லா (6 மாதம், மேற்பார்வையில்): நோயாளி ஸ்கிரீனிங், மூளை மற்றும் முதுகெலும்பு ரொட்டீன்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு: போர்ட்டபிளில் ஏப்ரனுடன் 2 மீட்டர் தூரம், கர்ப்ப வாய்ப்பு பற்றி விசாரித்துப் பதிவு, குழந்தைகளுக்குத் தனி சி.டி. புரோட்டோகால், ஒவ்வொரு சி.டி.க்கும் DLP பதிவு.

தரச் சோதனை: தினமும் சி.டி. வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன், தண்ணீர் ஃபேன்டம். காலிமேட்டர் வெளிச்சச் சோதனை. பழுதுப் பதிவேடு எழுதி சர்வீஸைத் தொடர்புகொள்ளுதல்."

சொல்லப்போனால் இரண்டிலும் ஒரே ஆள்தான், ஒரே வேலைதான். 150 என்ற எண் போய் 42-ம் 14-ம் வந்திருக்கிறது, ஆனால் படிப்பவருக்கு இரண்டாவது ஆள்தான் பெரிய ஆளாகத் தெரிவார். இதற்கு மேலே பெயர், படிப்பு, பதிவு எண், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் வந்தால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தால் இரண்டு பக்கம் போகலாம்.

நான் எடுத்த நல்ல படங்களை ரெஸ்யூமேயோட சேர்த்து அனுப்பலாமா?

கூடாது. பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் நோயாளி எண், தேதி, நேரம், மருத்துவமனைப் பெயர் இருக்கும். டைகாம் ஃபைலாகக் கொடுத்தால் உள்ளே பெயரே இருக்கும். அனுமதியில்லாமல் நோயாளியின் படத்தை வெளியே எடுத்து வந்தவர், தங்கள் இடத்திலும் அதையேதான் செய்வார் என்று அவர்கள் நினைப்பார்கள். திறமையைக் காட்டப் படம் தேவையில்லை, இன்டர்வியூவில் அவர்களே ஒரு படத்தைக் காட்டி, இதில் பொசிஷனிங்கில் என்ன குறை என்று கேட்பார்கள். பதிவேட்டிலிருந்து எண்களை எடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும்: எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தைப் போட்டோ எடுக்காதீர்கள்.

நான் வேலை பார்த்த இடத்துல தரச் சோதனைன்னு எதுவுமே செய்யல. ஏப்ரன்கூட கிழிஞ்சு கிடந்தது. அப்ப நான் என்ன எழுதறது?

செய்யாததை எழுத வேண்டாம். மேலே மாதிரியில் இருக்கும் ஃபேன்டம் வரியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீருக்கு எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டால் முழிப்பவர்கள் உண்டு. பழைய இடத்தைக் குறை சொல்லியும் எழுதாதீர்கள்.

உங்கள் கையில் இருந்ததை எழுதுங்கள். வார்ம்-அப் ஓட்டாமல் எந்த சி.டி.யும் ஓடியிருக்காது, பிளேட்டைத் துடைக்காமல் எந்த சி.ஆரும் ஓடியிருக்காது. கிழிந்த ஏப்ரனைப் பற்றிப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருந்தால், "சேதமான ஏப்ரன்களைக் கண்டறிந்து தெரிவித்தேன்" என்பது உண்மையான வரி. எழுதிக் கொடுக்கவில்லை, இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால், நாளைக்கே எழுதிக் கொடுங்கள். அதுவரை அந்த ஏப்ரனைப் போட்டுக்கொண்டு சி-ஆர்ம் பக்கம் நிற்காதீர்கள். ரிஜெக்ட் ரேட்டையும் யாருடைய அனுமதியும் கேட்காமல் இன்றிலிருந்தே ஆரம்பிக்கலாம்: தினமும் எத்தனை படம் எடுத்தேன், எத்தனை தள்ளினேன், ஏன் தள்ளினேன் என்று நோயாளி விவரம் எதுவும் இல்லாமல் ஒரு நோட்டில் குறித்து வந்தால், மூன்று மாதத்தில் உங்கள் ரெஸ்யூமேயில் போட ஒரு எண் இருக்கும்.